புகைபோக்கி இல்லாத இடத்தில் வளியில் நுண்டுணிக்கை உண்டாகும் விதம்

வைக்கோலை எரிக்கும்போது எழும் புகையையும் செம்மண் தெருவில் வண்டி செல்லும்போது கிளம்பும் புழுதியையும் கமக்காரர் யாவரும் அறிவர். இவை உண்டாகும்போதே துணிக்கைகளாக உண்டாகின்றன. எங்கிருந்து வந்தன என்பதையும் கண்ணாற் காணலாம். ஆனால் வளியில் மிதக்கும் துணிக்கைகளுள் மிகச் சிறியனவற்றிற் பெரும்பகுதி இவ்வாறு உண்டாவதில்லை. அவை புறப்படும்போது கண்ணுக்குத் தெரியாத வாயுக்களாகவே புறப்படுகின்றன. காற்றோடு சென்று, வழியில் ஒன்றோடொன்று கூடி, புறப்பட்ட இடத்திலிருந்து பல மைல்களுக்கு அப்பால், சில வேளைகளிற் பல நூறு மைல்களுக்கு அப்பால், உப்பாக மாறுகின்றன. இவ்வுப்பை ஆக்கும் வாயுக்கள் மூன்று. ஒன்று நிலக்கரியும் கந்தகமுள்ள எண்ணெயும் எரிவதால் வரும் கந்தகவீரொட்சைட்டு. மற்றொன்று மோட்டார் வண்டிகளும் மின்னிலையங்களும் வெளிவிடும் நைதரசன் ஒட்சைட்டுகள். மூன்றாவது அமோனியா. இம்மூன்றாவது வாயு பெரும்பாலும் வயலிலும் தோட்டத்திலும் மாட்டுத்தொழுவத்திலும் கோழிக்கூட்டிலுமிருந்தே வருகின்றது. ஆகவே இக்காரியம் நகரத்தாரை மட்டும் சார்ந்ததன்று.

துணிக்கையின் அளவு

இங்கே பேசப்படும் துணிக்கையின் விட்டம் ஒரு மைக்கிரோமீற்றருக்கும் குறைவானது. மனிதரின் தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 50 முதல் 70 மைக்கிரோமீற்றர் ஆகும். இத்துணை சிறியதாகையால் இத்துணிக்கை தன் பாரத்தால் நிலத்தில் விழுவதென்றால் ஒரு நாள் முழுவதும் ஒன்றிரண்டு மீற்றர் மட்டுமே இறங்கும். சிறு காற்றும் அதனை மேலே தூக்கிவிடும். மழை கழுவினாலன்றி அது வளியைவிட்டு நீங்குவதில்லை எனலாம். அதனாலேயே ஒரு கிழமை வரை வளியிலிருந்து, ஆயிரம் கிலோமீற்றருக்கு மேலும் செல்ல அதனால் முடிகின்றது. மூச்சோடு உட்செல்லும்போதும் மூக்கிலும் தொண்டையிலும் தங்காது நுரையீரலின் அடிவரை சென்றுவிடுகின்றது. உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வெளியிட்ட அறிவுரையின்படி, 2.5 மைக்கிரோமீற்றருக்குட்பட்ட துணிக்கைகள் ஒரு நாட் சராசரியாக ஒரு கனமீற்றர் வளியில் 15 மைக்கிரோகிராமுக்கு மேற்படலாகாது. மைக்கிரோகிராம் என்பது ஒரு கிராமைப் பத்து இலட்சம் கூறாக்கியதில் ஒரு கூறாகும்.

அமோனியா வயலைவிட்டு நீங்கும் விதம்

யூரியாவிலே 100 பங்கில் 46 பங்கு நைதரசன் உண்டு. யூரியா வயல்நீரில் விழுந்தவுடன் கரைகின்றது. மண்ணிலும் நீரிலும் உள்ள யூரியேசு என்னும் நொதியம் அதனைச் சில நாட்களுள் அமோனியமாக மாற்றுகின்றது. அமோனியம் என்பது நீரிற் கரைந்திருக்கும் வடிவம். அதனைப் பயிர் உண்ணும், களிமண்ணும் பற்றிக்கொள்ளும். ஆனால் நீர் காரத்தன்மை அடையுமாயின் அமோனியத்தில் ஒரு பகுதி அமோனியா வாயுவாக மாறி நீரைவிட்டு வெளியேறும்.

வயல்நீர் காரத்தன்மை அடைவது எப்படி? யூரியா சிதையும் செய்கையே ஒரு காரணம். மற்றக் காரணம் பாசி. பசளை இட்ட சில நாட்களில் வயல்நீரிற் பச்சைப்பாசி படர்வதைக் கண்டிருப்பீர்கள். பகலில் வெயில் பட்டவுடன் பாசி நீரிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சுகின்றது. காபனீரொட்சைட்டு ஓர் அமில வாயுவாகையால், அது குறையக் குறைய நீரின் காரம் ஏறுகின்றது. நண்பகல் கழிந்த வேளையில் அது உச்சத்தை அடைகின்றது. இரவிலே மீண்டும் இறங்கிவிடுகின்றது. ஆகவே நாற்று நட்டுச் சில நாளான, இலை மூடாத வயலில், நின்ற நீரின் மேல் யூரியாவை வீசிவிட்டால், வெயிலும் காற்றும் மிக்க நாட்களில் இழப்பு மிகும். வெப்பநாடுகளிற் செய்த பரிசோதனைகளில், இவ்வாறு வீசிய நைதரசனிற் பாதி வரைகூட அமோனியாவாகப் போனதாகக் கண்டிருக்கின்றனர். மண்ணும் காலமும் நல்லனவாயின் பத்திலொரு பங்கே போகும்.

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 50 கிலோகிராம் கொண்ட யூரியா மூடை ஒன்றில் 23 கிலோகிராம் நைதரசன் உண்டு. அதில் 30 வீதம் நீங்குவதாகக் கொண்டால் 6.9 கிலோகிராம் நைதரசன் போகின்றது. ஐதரசனும் சேர்ந்த அமோனியாவாக அதனை நிறுத்தால் ஏறக்குறைய 8.4 கிலோகிராம். இவ்வமோனியா முழுவதும் வளியிற் சல்பூரிக்கமிலத்தைச் சந்தித்து அமோனியம் சல்பேற்றாக மாறுமாயின் 32 கிலோகிராமுக்கு மேற்பட்ட உப்பு உண்டாகும். நைத்திரிக்கமிலத்தைச் சந்தித்து அமோனியம் நைத்திரேற்றாக மாறுமாயின் 39 கிலோகிராம். எட்டுக் கிலோகிராமுக்குச் சற்றே மேற்பட்ட வாயு முப்பத்திரண்டாகப் பெருகியது எங்ஙனம் எனக் கேட்கலாம். மிகுதி நிறை வேறொருவர் எரித்த நிலக்கரியிலும் பெற்றோலிலுமிருந்து வந்த அமிலத்தின் நிறையாகும். இந்த 32 கிலோகிராமை ஒரு கிலோமீற்றர் உயரத்துக்குப் பரவிய வளியில் 15 மைக்கிரோகிராம் வீதம் கலந்தால், ஏறக்குறைய 530 ஏக்கர் நிலத்தின் மேலுள்ள வளிக்கு அது போதும்.

இது மேல்வரம்பு என்பதையும் சொல்லவேண்டும். வயலைவிட்ட அமோனியா முழுவதும் உப்பாவதில்லை. அது நீரில் எளிதிற் கரையும் வாயு. பனி படிந்த இலையும் குளத்து நீரும் ஈர மண்ணும் அதனை உறிஞ்சிக்கொள்ளும். புறப்பட்ட அமோனியாவிற் கணிசமான பங்கு சில கிலோமீற்றருக்குள்ளேயே இவ்வாறு நிலத்துக்குத் திரும்பிவிடுகின்றது. வாயுவாக அதன் ஆயுள் சில மணிநேரம் முதல் ஒரு நாள் எனலாம். அதற்குள் ஓர் அமிலத்தைச் சந்தித்து உப்புத்துணிக்கையாகி விட்டாலோ, ஆயுள் பல நாட்களாக நீடிக்கின்றது. அருகில் விழவேண்டிய நைதரசன் தூரதேசம் செல்வது இதனாலேயே.

கந்தகவாயு அமிலமாகும் விதம்

கந்தகவீரொட்சைட்டு தானாக அமோனியாவோடு கூடி நிலையான உப்பை ஆக்குவதில்லை. முதலில் அது ஒட்சியேற்றம் பெற்றுச் சல்பூரிக்கமிலமாதல் வேண்டும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது வழி வெறும் வளியில் நிகழ்வது. வெயிலொளி, ஓசோன், நீராவி ஆகிய மூன்றும் சேர்ந்து வளியில் ஐதரொட்சில் என்னும் ஒன்றை மிகச் சிறிய அளவில் ஆக்குகின்றன. ஒரு கணத்துக்குள் அழிந்துபோகும் இது, வளியைத் துப்புரவாக்கும் தோட்டி போன்றது. எதிர்ப்பட்ட வாயுவையெல்லாம் தாக்கும். கந்தகவீரொட்சைட்டும் இதனாலே தாக்கப்படுகின்றது. எனினும் இவ்வழி மெதுவானது. நல்ல வெயிலிலும் மணிக்கு நூற்றிலொரு பங்களவே மாறும். ஆதலால், ஒரு புகைபோக்கியின் அடியில் நின்று துணிக்கையை அளந்தால் இவ்வுப்பு ஏறக்குறைய ஒன்றும் தென்படாது. ஒன்றிரண்டு நாள் வழி சென்ற பின்னரே அது தெரியும்.

இரண்டாவது வழி முகிலுக்குள் நிகழ்வது, இதுவே விரைவானது. முகில் என்பது கோடிக்கணக்கான நுண்ணிய நீர்த்துளிகளின் கூட்டம். கந்தகவீரொட்சைட்டு இத்துளிகளிற் கரைகின்றது. வளியிலுள்ள ஐதரசன் பரவொட்சைட்டும் அவற்றிற் கரைகின்றது. புண் கழுவ மருந்தகத்திலே தரும் திராவகத்திலுள்ள பொருளே இது. துளிக்குள் இவை இரண்டும் சந்தித்தவுடன், நாட்கணக்கில் நடக்கவேண்டிய மாற்றம் சில நிமிடம் முதல் சில மணிநேரத்துள் நடந்துவிடுகின்றது. அமோனியாவும் அத்துளியிற் கரைந்திருக்குமாயின், அது துளியின் புளிப்பைத் தணித்து, மேலும் கந்தகவாயு கரைவதற்கு இடம் தருகின்றது.

முகில் எல்லாம் மழையாகப் பெய்வதில்லை. பெரும்பாலான முகில்கள் கலைந்து, துளிகள் ஆவியாகிப் போகின்றன. உப்பளத்திலே கடல்நீர் வற்றியபின் உப்பு எஞ்சுவதுபோல, துளி வற்றியபின் சல்பேற்று உப்பு ஒரு நுண்டுணிக்கையாக வளியில் எஞ்சுகின்றது. புகையற்ற மலைமேல், வெண்முகில் கடந்துபோன பின்னர், முன்னிருந்ததிலும் கூடிய துணிக்கை காணப்படுவதற்குக் காரணம் இதுவே. மழை வளியைக் கழுவும் என்பது உண்மை. பெய்யாத முகில் அதற்கு மாறானது.

நைதரசன் ஒட்சைட்டு அமிலமாகும் விதம்

எஞ்சினுக்குள் வளி மிகச் சூடேறும்போது அதிலுள்ள நைதரசனும் ஒட்சிசனும் கூடி நைத்திரிக்கொட்சைட்டு ஆகின்றன. வெளியே வந்தபின் ஓசோன் அதனை நைதரசனீரொட்சைட்டாக மாற்றுகின்றது. பகலில் முன்சொன்ன ஐதரொட்சில் இதனைத் தாக்கி நைத்திரிக்கமிலமாக்கும். கந்தகவாயுவிலும் ஏறக்குறையப் பத்து மடங்கு விரைவாக இது நிகழ்வதாற் சில மணிநேரமே போதும். இரவில் ஐதரொட்சில் இல்லை. ஆயினும் ஓசோன் நைதரசனீரொட்சைட்டை மேலும் ஒட்சியேற்றி, ஈரமான துணிக்கைகளின் மேற்பரப்பிலே நைத்திரிக்கமிலம் உண்டாகும்படி செய்கின்றது. எனவே குளிர்நாடுகளில் நீண்ட இரவும் இவ்வேலைக்கு உதவுகின்றது.

மூன்றும் கூடும் ஒழுங்கு

இனி அமோனியா எதனோடு முதலிற் கூடும் என்பதை அறிதல் வேண்டும். சல்பூரிக்கமிலம் எப்போதும் முதலிடம் பெறும். ஒரு கூறு சல்பூரிக்கமிலம் இரண்டு கூறு அமோனியாவைப் பற்றிக்கொள்ளும்; பற்றியதை விடுவதில்லை. வெயிலேறினாலும் அமோனியம் சல்பேற்று திண்மமாகவோ துளியாகவோ இருக்குமேயன்றி வாயுவாகத் திரும்பாது. சல்பூரிக்கமிலம் கொண்டது போக எஞ்சிய அமோனியாவே நைத்திரிக்கமிலத்துக்குக் கிடைக்கும். ஒன்றுக்கு ஒன்று வீதம் அவை கூடும்.

ஆனால் அமோனியம் நைத்திரேற்றின் இயல்பு வேறு. அது கற்பூரத்தைப் போன்றது. திறந்து வைத்த கற்பூரம் வெப்பத்திற் கரைந்து மறைவதுபோல, இவ்வுப்பும் வெப்பமான உலர்ந்த வளியில் மீண்டும் அமோனியாவும் நைத்திரிக்கமிலமுமாகப் பிரிந்து வாயுவாகிவிடும். குளிரும் ஈரமும் கூடிய வளியில் மீண்டும் உப்பாகும். அதனால் விடியற்காலையில் மிகுந்தும் பிற்பகலிற் குறைந்தும் காணப்படுவது இதன் அடையாளமாகும்.

இவ்வியல்பு அளப்போரையும் பல காலம் ஏமாற்றியது. வளியை ஒரு வடிதாளினூடாக இழுத்து, தாளில் தங்கிய துணிக்கையை நிறுப்பது வழக்கம். சூடான நாளிலே, தாளில் தங்கிய அமோனியம் நைத்திரேற்று நிறுக்குமுன்னரே ஆவியாகிப் போய்விடும். பின்னர், ஆவியாகும் அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும் நைலோன் வடிதாளைப் பயன்படுத்தியே சரியான அளவைப் பெற்றனர்.

ஒரு கணக்கு

மூன்று வாயுக்களில் எதைக் குறைத்தாற் துணிக்கை குறையும் என்பது பார்வைக்கு எளிதாகத் தோன்றும். உண்மையில் அவ்வளவு எளிதன்று. ஒரு பெட்டி வளியில் 10 கூறு அமோனியாவும் 3 கூறு சல்பூரிக்கமிலமும் 6 கூறு நைத்திரிக்கமிலமும் இருப்பதாகக் கொள்வோம். வளி குளிராயிருக்கின்றது. சல்பூரிக்கமிலம் 6 கூறு அமோனியாவைக் கொள்ளும். எஞ்சிய 4 கூறு அமோனியா 4 கூறு நைத்திரிக்கமிலத்தோடு கூடும். 2 கூறு நைத்திரிக்கமிலம் துணையின்றி வாயுவாக நிற்கும். அமோனியம் சல்பேற்று ஒரு கூறின் நிறை 132. அமோனியம் நைத்திரேற்று ஒரு கூறின் நிறை 80. ஆகவே துணிக்கையின் மொத்த நிறை 396 உம் 320 உம் சேர்ந்து 716.

இப்போது கந்தகத்தைக் கட்டுப்படுத்திச் சல்பூரிக்கமிலத்தை 3 இலிருந்து 2 ஆகக் குறைப்போம். 2 கூறு அமோனியா விடுபடும். துணையின்றி நின்ற 2 கூறு நைத்திரிக்கமிலம் உடனே அதனைப் பற்றிக்கொள்ளும். புதிய நிறை 264 உம் 480 உம் சேர்ந்து 744. கந்தகம் குறைந்தது; துணிக்கையோ கூடியது! இவ்வாறே மோட்டார் வண்டிகளைக் குறைத்து நைத்திரிக்கமிலத்தை 6 இலிருந்து 5 ஆக்கினால் மொத்தம் 716 ஆகவே நிற்கும். ஏனெனில் முதலிலேயே மிகுதியாயிருந்தது அதுவே. அமோனியாவை 10 இலிருந்து 8 ஆகக் குறைத்தாலோ நிறை 556 ஆக இறங்கிவிடும். உண்மையான வளியில் இக்கணக்கு இவ்வளவு துப்புரவாக நடவாது. ஆயினும் கந்தகம் குறைந்தபோது அதற்குப் பதிலாக நைத்திரேற்று முன்வந்து நிற்பதைச் சீனாவில் 2013 இன் பின்னர் நிலக்கரிப் புகை கட்டுப்படுத்தப்பட்ட நகரங்களிற் கண்டுள்ளனர்.

பாரிசு நகரில் நிகழ்ந்தது

2014 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பிரான்சு நாட்டின் தலைநகரான பாரிசை வெண்மையான மூட்டம் சூழ்ந்தது. பகல் இதமான வெயில், இரவு குளிர், காற்றோ மிக மெல்லியது. நிலத்தையொட்டிய குளிர்வளி, மேலுள்ள வெப்பவளியின் கீழே மூடியிட்ட பானைக்குள் அகப்பட்டாற்போல அசையாது நின்றது. துணிக்கை அபாய எல்லையைத் தாண்டிப் பல நாட்கள் நின்றதால், அரசினர் 14 ஆந் தேதி தொடக்கம் பொது வாகனங்களிற் கட்டணமின்றிச் செல்ல அனுமதித்தனர். 17 ஆந் தேதி இலக்கத்தகட்டின் ஒற்றை இரட்டை எண்ணை நோக்கி வண்டிகளிற் பாதியைத் தெருவுக்கு வராது தடுத்தனர்.

துணிக்கையைப் பகுத்துப் பார்த்தபோது அதன் நிறையில் ஏறக்குறையப் பாதியளவு அமோனியம் நைத்திரேற்றாய் இருந்தது. அதன் அமிலப்பாதி வண்டிகளிலிருந்தும் பிற எரிதலிலிருந்தும் வந்ததாகும். அமோனியாப்பாதி எங்கிருந்து வந்தது? மார்ச்சு மாதம் அந்நாட்டுக் கமக்காரர் கோதுமை வயலுக்கு நைதரசன் பசளையும், தொழுவத்துக் கழிவுநீரும் இடும் காலம். பாரிசைச் சூழ்ந்த பெருஞ்சமவெளி முழுவதும் ஏறக்குறைய ஒரே கிழமையிற் பசளை பெற்றிருந்தது. வயல்வெளியில் புகைபோக்கி ஒன்றும் இல்லை. வயலில் நின்ற கமக்காரரும் ஒரு புகையையும் கண்டிருக்கமாட்டார். அங்கே எழுந்த வாயு நகரத்து வாயுவோடு குளிர்ந்த இரவுகளிற் கூடியபோதே மூட்டம் தோன்றியது. இவ்வுப்பு பல நாட்களாக, பல மாகாணங்களின் மேல் உண்டாகிச் சேர்ந்ததாகையால், ஒரு நாள் பாதி வண்டிகளைத் தடுத்ததனால் அதனை நீக்கிவிட முடியாது என்பது என் கருத்து.

இதற்கு மேலும் தெளிவான சான்று 2020 இற் கிடைத்தது. அவ்வாண்டு மார்ச்சு மாத நடுவில், கொரோனா நோயின் காரணமாக அந்நாடு முழுவதும் வீட்டுக்குள் அடங்கியது. தெருக்களில் வண்டிகள் வெகுவாகக் குறைந்தன. நைதரசன் ஒட்சைட்டுகளும் குறைந்தன. அப்படியிருந்தும் 28 ஆந் தேதி பாரிசுப் பகுதியில் துணிக்கை எல்லையைத் தாண்டியது. வண்டி ஓட்டம் நின்றபோதும் வயல் வேலை நிற்கவில்லை. பசளையிடும் காலமும் அதுவே. ஐரோப்பிய நாடுகள் 1999 இற் கோத்தன்பர்க்கிற் செய்த உடன்படிக்கையிற் கந்தகம், நைதரசன் ஒட்சைட்டு என்பவற்றோடு அமோனியாவையும் சேர்த்து எல்லை வகுத்தமைக்குக் காரணம் இதனால் விளங்கும்.

வெப்பநாட்டில் இதன் வேறுபாடு

பாரிசுக் கதையை அப்படியே நம் நாட்டுக்குப் பொருத்துதல் தவறாகும். அங்கே மூட்டத்தை ஆக்கியது கற்பூரம் போன்ற நைத்திரேற்று. நம் தாழ்நிலத்துப் பகல் வெப்பத்தில் அது பெரும்பாலும் வாயுவாகவே இருக்கும். மேலே தந்த கணக்கை வெப்பவளிக்குச் செய்து பார்த்தால், நைத்திரேற்று இல்லாமையால் நிறை 396 மட்டுமே. கந்தகத்தை ஒரு கூறு குறைத்தால் 264 ஆகும். அமோனியாவை இரண்டு கூறு குறைத்தாலும் 396 ஆகவே நிற்கும். ஆகவே வெப்பநாட்டில் இவ்வுப்பின் அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கந்தகமே.

இதற்குச் சான்று நம் அயலிலே உண்டு. 1999 ஆம் ஆண்டின் முதன் மாதங்களில் பல நாட்டு விஞ்ஞானிகள் இந்துசமுத்திரப் பரிசோதனை என்ற பெயரில் மாலைதீவின் காசிதூ என்னும் சிறு தீவிலே வளியை அளந்தனர். சுற்றிலும் கடல், தொழிற்சாலை இல்லை. அப்படியிருந்தும் வடகீழ்ப் பருவக்காற்று வீசிய அம்மாதங்களில் கடலின் மேல் மங்கிய மூட்டம் படர்ந்திருந்தது. அங்கு பிடித்த நுண்டுணிக்கையின் நிறையில் சல்பேற்றும் அமோனியமும் சேர்ந்து ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்காயிருந்தன. நைத்திரேற்று மிகச் சொற்பமே. மிகுதி புகைக்கரியும் பிற சேதனப்பொருள்களும் தூசியும் ஆகும். இந்தியப் பெருநிலத்திற் புறப்பட்ட வாயுக்கள் கடலைக் கடந்து வரும் வழியில் உப்பாகியிருந்தன.

அதே பருவத்திலே அதே திசைக்காற்று இலங்கைக்கும் வருகின்றது. 2022 டிசம்பரில் மண்டூசு புயல் வங்காள விரிகுடாவில் நின்றபோது, வடக்கிலிருந்து வந்த வளியால் யாழ்ப்பாணம் முதற் கொழும்பு வரை மூட்டம் படிந்தது. 9 ஆந் தேதி நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. அம்மூட்டத்திற் புகையும் தூசியும் கலந்தே இருந்தன. முழுவதும் இவ்வுப்பே எனக் கொள்ளலாகாது. இலங்கையிலும் நுரைச்சோலையில் 2011 தொடக்கம் நிலக்கரி மின்னிலையம் இயங்கி வருகின்றது. ஆகவே வருவதெல்லாம் அயல்நாட்டிலிருந்தே என்றும் சொல்லுதல் நேர்மையாகாது.

மலைநாட்டு மரக்கறித் தோட்டங்களின் நிலை வேறு. நுவரெலியா போன்ற இடங்களில் இரவு குளிரும் மூடுபனியும் உண்டு. கோழி எரு மிகுதியாக இடப்படுவதால் அமோனியாவும் உண்டு. பள்ளத்தாக்கில் வண்டிகளின் வாயு தங்குமாயின் அங்கே நைத்திரேற்றும் உருவாக இடமுண்டு.

மூட்டத்தை அறியும் விதம்

காலையிலே தூரத்து மரங்களோ குன்றோ மங்கித் தோன்றும்போது அது பனியா, புகையா, இவ்வுப்பா என எப்படி அறிவது? புகைக்கு மணமுண்டு, நிறம் நீலமாகவோ கபிலமாகவோ இருக்கும். பனி உடலையும் இலையையும் நனைக்கும். வெயிலேற முற்றாக மறையும். உப்புமூட்டம் மணமற்றது, வெண்மையானது, எதையும் நனைக்காது, பகலிலும் மெல்லியதாக நீடிக்கும். ஈரம் கூடிய வேளையில் அது தடித்துத் தோன்றும். மழைக்காலத்தில் உப்புச்சாடி நீர்கோத்துக் கொள்வதைப் போல, வளியின் ஈரப்பதன் 80 வீதத்தை அண்மும்போது அமோனியம் சல்பேற்றுத் துணிக்கை நீரை உறிஞ்சித் துளியாகிப் பெருக்கின்றது. பெருத்த துளி ஒளியை மிகுதியாகச் சிதறும். துணிக்கையின் தொகை கூடாமலே மூட்டம் கூடுவது இதனால். கண்ணாற் பார்த்துச் சொல்வது அனுமானமே. வடிதாளிற் பிடித்து நீரிற் கரைத்துச் சோதித்தாலன்றி உறுதியாகாது.

அமோனியா நீங்குவதை மட்டும் தோட்டத்திலேயே அறியலாம். கோழி எருக் குவியலருகே மூக்கை உறுத்தும் மணம் அதுவே. ஆனால் மூக்கு உணர்வதற்கு அதிக அளவு வேண்டும். வயலிலிருந்து நீங்கும் அளவை அது அறியாது. சிவப்புப் பாசிச்சாயத்தாளைத் தூய நீரில் நனைத்து, யூரியா இட்ட ஈரமண்ணின் மேற் கவிழ்த்த ஒரு கண்ணாடிக் குவளைக்குள் மண்ணிலே படாதவாறு ஒட்டி விடுங்கள். சில நாட்களுள் தாள் நீலமாகுமாயின் உங்கள் பணம் வளியிற் போகின்றதென அறிந்துகொள்ளலாம்.

வயலிற் செய்யக்கூடியது

நம் தாழ்நில வயல்களில் அமோனியாவைக் குறைப்பதால் மூட்டம் உடனே குறையும் என நான் சொல்லமாட்டேன். மேலே தந்த கணக்கு அதற்கு இடம் தரவில்லை. கமக்காரருக்குக் கிடைக்கும் பயன் மூடையில் மீதப்படும் நைதரசனேயாகும். முன்சொன்ன 6.9 கிலோகிராம் நைதரசன் என்பது 15 கிலோகிராம் யூரியாவுக்குச் சமம்.

அடிக்கட்டுப் பசளையாக இடும் யூரியாவை நின்ற நீரின் மேல் வீசாது, நீரை வடித்துவிட்டுச் சேற்றோடு கலந்து, பின்னர் நீர் கட்டுதல் நன்று. மண்ணுக்குள் சென்ற அமோனியத்தைக் களிமண் பற்றிக்கொள்வதால் அது நீருக்கும் வளிக்கும் வருவதில்லை. யூரியாவைக் கட்டிகளாக்கி, நான்கு நாற்றுகளின் நடுவே ஏழு முதல் பத்துச் சென்ரிமீற்றர் ஆழத்தில் அழுத்தி வைக்கும் முறையிலே இழப்பு மிகவும் குறையும். கூலி கூடுதலாதலின் அது சிறு வயலுக்கே ஏற்றது. மேற்பசளையை ஒரே முறையில் இடாது பகுதி பகுதியாக, இலை பரந்து நீரை நிழலாக்கிய பின்னர் இடுதல் வேண்டும். நிழலிற் பாசி குறையும்; காற்றும் நீரைத் தொடாது; வேரும் விரைவாக உறிஞ்சும். பெருங்காற்று வீசும் நாட்களைத் தவிர்க்கவும். மரக்கறித் தோட்டத்திற் கோழி எருவைப் பாத்தியின் மேற் பரப்பி விடாது, இட்ட அன்றே மண்ணோடு கொத்திப் புரட்டி விடவும். மறுநாளுக்கு ஒத்திவைத்தால், போகவேண்டியதிற் பெரும்பகுதி முதல் நாளிலேயே போய்விடும். எருவைச் சேமித்து வைக்கும் குவியலையும் மழை படாது மூடி வைத்தல் வேண்டும். சுண்ணாம்பு இடவேண்டிய நிலமாயின் அதனை எருவோடோ யூரியாவோடோ சேர்த்து இடலாகாது. சுண்ணாம்பின் காரம் அமோனியாவை உடனே கிளப்பிவிடும். இரண்டுக்கும் இடையிற் சில கிழமைகள் விடுக.